ஏற்றத்தில் நின்றுவிடும் மோட்டார் வண்டி: பற்சக்கரமா, மோட்டாரா?

350 வாட் மோட்டாரைச் சங்கிலியால் இணைத்த கைவண்டி, சுமையோடு 300 கிலோ. சமதளத்தில் நன்றாக ஓடுகிறது. 12 அடிக்கு ஓர் அடி உயரும் சரிவில் பாதியிலேயே நின்று, மோட்டார் தொட முடியாதபடி கொதிக்கிறது. கடந்த வாரம் முதல் இதே கதை.

சக்கரத்துக்குக் காற்றடித்தேன். சமதளத்தில் வில் தராசு கட்டி இழுத்தால் 9 கிலோ காட்டியது 4.5 ஆகக் குறைந்தது. சரிவில் மாற்றமே இல்லை. அங்கே எடையில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது 25 கிலோ, பின்னிழுக்கிறதே! மொத்தம் 29.5 கிலோ விசை. மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்துக்குச் சுமார் 240 வாட் போதும். ஆனால் வண்டியின் உச்ச வேகம் 15 கிலோமீட்டர். ஏற்றத்தில் மோட்டார் மிக மெதுவாகச் சுழன்று திணறுகிறது.

பற்சக்கரத்தை மாற்றி உச்ச வேகத்தை 5 கிலோமீட்டராகக் குறைத்தால் இதே மோட்டார் தாங்குமா, பெரிய மோட்டார்தான் வேண்டுமா?