கொழும்புக்கு மாறிப் போகும் செலவைக் கொம்பனி தருகிறது, ஆனால் 24 மாதத்துக்குள் விலகினால் முழுவதையும் திருப்பிக் கேட்கிறது. கையெழுத்து வைக்கலாமா?

பனங்கிழங்கு:
யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்துக்குக் கணக்காளராகப் போகிறேன். சம்பளம் 210,000. நியமனக் கடிதத்தோடு இடமாற்ற உதவி என்று தனியாக ஒரு கடிதமும் வந்திருக்கிறது. சாமான் ஏற்றிப் போகப் பற்றுச்சீட்டுக் காட்டினால் 150,000 வரைக்கும் தருவார்கள். வீடு கிடைக்கும் மட்டும் தங்க மாதம் 60,000 வீதம் இரண்டு மாதம், அது சம்பளத்தோடு சேர்ந்து வரும். எல்லாமாக 270,000.

பிரச்சினை கடைசிப் பந்தியில். வேலையில் சேர்ந்து 24 மாதத்துக்குள் "எந்தக் காரணத்தாலும்" வேலை முடிவுக்கு வந்தால் முழுத் தொகையையும் திருப்பித் தரவேண்டும், அதைக் கடைசிச் சம்பளத்திலும் "எனக்குச் சேரவேண்டிய ஏனைய எல்லாப் பணத்திலும்" கழிக்கலாம் என்று போட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வைத்து அனுப்பச் சொல்கிறார்கள். இது வழமைதானா?

கொத்துரொட்டி:
பயப்படாமல் வையுங்கோ. இப்படி எழுதியதெல்லாம் சட்டப்படி செல்லாது. தொழில் திணைக்களத்துக்குப் போனால் கிழித்து எறிவார்கள். என்ரை கூட்டாளி ஒருத்தன் ஒரு சதமும் கட்டாமல் போனவன்.

ஆசிரியர்75:
இடமாற்றம் என்றால் தாபனக் கோவைப்படி பயணச் செலவு கிடைக்கும், பிள்ளை. அதைத் திருப்பிக் கேட்க முடியாது. நான் வவுனியாவுக்கு மாறின நேரம் சாமான் ஏற்றின கூலியையும் எடுத்தேன். உங்கள் வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

பனங்கிழங்கு:
ஐயா, இது அரச வேலை இல்லை, தனியார்.

ஆசிரியர்75:
ஓ. அப்ப எனக்குத் தெரியாது.

சம்பளச்சீட்டு:
இருபது வருடமாகக் கொழும்பில் சம்பளப் பகுதியில் வேலை செய்கிறேன், இப்படியான கடிதங்களை நானே தயாரித்தும் இருக்கிறேன். கொத்துரொட்டி சொல்வது பாதிதான் சரி. அந்தப் பந்தி செல்லாது என்று நம்பிக் கையெழுத்து வைக்காதீர்கள். அது நீங்கள் ஒத்துக்கொண்ட கடன். கட்டாவிட்டால் வழக்குப் போடலாம். கூட்டாளியிடம் கேட்காமல் விட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் சேமலாப நிதியில் கை வைக்க முடியாது. உங்கள் 8 வீதமும் அவர்களின் 12 வீதமும் உங்களுடையவை. "ஏனைய எல்லாப் பணமும்" என்று எழுதிவிட்டதால் அது மாறாது. சம்பளத்தில் கழிக்க உங்கள் எழுத்து மூலச் சம்மதம் தேவை. அந்தச் சம்மதத்தைத்தான் இப்போது இந்தக் கடிதத்திலேயே வாங்கப் பார்க்கிறார்கள்.

நான் முதலில் பார்ப்பது "எந்தக் காரணத்தாலும்" என்ற சொல்லைத்தான். நீங்களாக விலகினால் கேட்பது நியாயம். தகுதிகாண் காலம் முடிய அவர்களே வேண்டாம் என்று அனுப்பினாலும், ஆள் குறைப்பில் போனாலும் இதே பந்தி உங்களைப் பிடிக்கும். "ஊழியர் தானாக விலகினாலோ, ஒழுக்கக்கேட்டுக்காக நீக்கப்பட்டாலோ மட்டும்" என்று மாற்றச் சொல்லுங்கள். இதைக் கேட்டதற்காக யாரும் வேலையைப் பறித்ததை நான் பார்த்ததில்லை.

அடுத்தது, முழுத் தொகை. 23 மாதம் வேலை செய்தவரும் மூன்றாம் மாதம் ஓடினவரும் ஒரே 270,000ஐக் கட்டுவது என்ன கணக்கு? மாதத்துக்கு 24இல் ஒரு பங்கு கழிந்துபோக வேண்டும். உங்கள் தொகையில் அது மாதம் 11,250. 14 மாதம் முடித்து விலகினால் மிச்சம் 10 மாதம், 112,500 கட்டுவீர்கள். இப்போதுள்ள கடிதப்படி அதே நாளில் 270,000.

வெள்ளவத்தையான்:
நல்ல விளக்கம் அக்கா. ஒரு சின்னக் கேள்வி: தங்கக் கொடுக்கும் 60,000 சம்பளத்தோடு வந்தால் வரி வெட்டுவார்களே? அப்ப திருப்பிக் கொடுக்கும்போது எதை?

சம்பளச்சீட்டு:
அதைத்தான் எழுத வந்தேன் தம்பி. மாதம் 150,000 வரைக்கும் வரி இல்லை. 210,000 எடுப்பவருக்கு அதற்கு மேலே உள்ள 60,000க்கு 6 வீதம், 3,600 போகும். தங்கக் கொடுக்கும் 60,000உம் ஏறினால் சம்பளம் 270,000 ஆகும். 150,000க்கு மேலே உள்ளதில் முதல் 83,333க்கு 6 வீதம், அதற்கு மேலே உள்ளதுக்கு 18 வீதம், எல்லாமாக 11,600. ஆகக் கொடுப்பனவால் மட்டும் மாதம் 8,000 வரி. இரண்டு மாதத்தில் கைக்கு வருவது 104,000, திருப்பிக் கேட்பது 120,000. வித்தியாசம் 16,000. வாங்காத காசைத் திருப்பிக் கட்டுகிறீர்கள்! "வரி கழித்துக் கையில் கிடைத்த தொகை" என்று எழுதச் சொல்லுங்கள். அல்லது தங்குமிடத்தை அவர்களே பிடித்து நேரே காசு கட்டட்டும். வரிக் கேள்வி அப்போதும் இருக்கும், ஆனால் உங்கள் கையில் காசு வந்ததாக யாரும் சொல்ல முடியாது.

கொத்துரொட்டி:
சரி, சேமலாப நிதி விசயத்தில் நான் சொன்னது சரிதானே.

சம்பளச்சீட்டு:
நீங்கள் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை :)

வெள்ளவத்தையான்:
பனங்கிழங்கு, லொறிக் காசில் கவனம். நான் போன வருசம் வந்தபோது கொழும்புக்கு வெறுமையாகத் திரும்பும் லொறி ஒன்றைப் பிடித்தேன், மலிவு. ஆனால் சாரதி பற்றுச்சீட்டு என்று தந்தது கொப்பித் தாளில் "சாமான் கூலி பெற்றுக்கொண்டேன்" என்று நாலு சொல்லு. லொறி இலக்கமும் இல்லை, தேதியும் இல்லை. நிர்வாகப் பகுதி ஏற்கவில்லை, நானே பொறுத்துக்கொண்டேன். ஏற்றுவதற்கு முன்பே தேதி, எங்கே இருந்து எங்கே, லொறி இலக்கம், அடையாள அட்டை இலக்கம், முத்திரை ஒட்டிக் கையெழுத்து எல்லாம் எழுதி வாங்குங்கோ. சாமான் இறக்கின பிறகு சாரதிக்கு அவசரம், நிற்கமாட்டான்.

இன்னொன்று, இந்தப் பக்கம் அனெக்ஸ் பிடிக்க வீட்டுக்காரர் ஆறு மாதம், ஒரு வருட முற்பணம் கேட்பார்கள். உங்கள் கடிதத்தில் அது இல்லை. 60,000க்குள் இரண்டு மாதத்தில் வீடு கிடைக்குமோ என்பதை விட முற்பணத்துக்குக் காசு எங்கே என்று யோசியுங்கோ.

பனங்கிழங்கு:
முற்பணம் யோசிக்கவே இல்லை. அப்பா நகை வைக்கலாம் என்கிறார், எனக்கு விருப்பமில்லை. சம்பள முற்பணமாக அவர்களிடமே கேட்டால்?

சம்பளச்சீட்டு:
கேட்கலாம். ஆனால் தனிக் கடனாக, தனித் தவணையோடு. இந்தக் கடிதத்துக்குள் சேர்த்தால் அதுவும் 24 மாதக் கயிற்றில் கட்டுப்படும்.

பனங்கிழங்கு (வியாழன் இரவு):
கதைத்தேன். மனித வளப் பகுதி அக்கா நல்ல மாதிரித்தான். மாதாந்தம் கழிவதை ஒத்துக்கொண்டார்கள், "தானாக விலகினால் அல்லது ஒழுக்கக்கேடு" என்றும் மாற்றினார்கள். தகுதிகாண் காலத்தில் அனுப்பினால் கட்டத் தேவையில்லை என்று வாயால் சொன்னார், கடிதத்தில் இல்லை. வரி கழித்த தொகைக்கு, கணக்குப் பகுதியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். 24 மாதம் எண்ணத் தொடங்குவது சேர்ந்த தேதியில் இருந்தா, கடைசிக் காசு கிடைத்த தேதியில் இருந்தா என்றும் கேட்டேன், புதுக் கடிதத்தில் சேர்ந்த தேதி என்று இருக்கிறது.

சம்பளச்சீட்டு:
வாயால் சொன்னதை இன்றிரவே மின்னஞ்சலில் அவருக்கு எழுதுங்கள்: "இன்று கதைத்தபடி தகுதிகாண் காலத்தில் நீங்கள் அனுப்பினால் திருப்பிக் கட்டத் தேவையில்லை என்று விளங்கிக்கொண்டேன்." அவர் "ஓம்" என்று ஒரு சொல் பதில் போட்டாலும் காணும். போடாவிட்டால் வெள்ளிக்கிழமை ஒரு முறை கேளுங்கள், கையெழுத்தைத் திங்கட்கிழமைக்குத் தள்ளுங்கள்.

பனங்கிழங்கு:
அனுப்பிவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை.