சூடான சீம்பாலில் மிதவையை விட்டால் மஞ்சள்தான் காட்டும்

புதுக்கோட்டை_பாண்டி (மாடு வளர்ப்புத் திரியில் எழுதியது)
«ஊரில் மாடு வைத்திருப்பவர்களுக்கு: கறந்த கையோடு சீம்பாலில் தரம் பார்க்கும் ஹைட்ரோமீட்டரை மிதக்க விடுங்கள். பச்சையில் நின்றால் பின்னால் வரும் கன்றுகளுக்காக ஃப்ரீசருக்கு. மஞ்சள், சிவப்பு என்றால் கொட்டிவிடுங்கள். சூடு பார்க்கணும், ஆற வைக்கணும் என்பதெல்லாம் சும்மா.»

கிராஞ்சி_காளை
கடைசி வரிக்கு ஒரு பெரிய கும்பிடு. அந்த மிதவையை 20 அல்லது 22 டிகிரியில் இருக்கும் சீம்பாலுக்கு அளந்துதான் கோடு போடுகிறார்கள். மடியிலிருந்து வருவது 38 டிகிரி. சூடான பால் கொஞ்சம் இளகியிருக்கும், மிதவை கூடுதலாக அமிழும், அளவு குறைவாகத் தெரியும். நல்ல சீம்பாலே மஞ்சளில் போய் நிற்கும். அதைக் கொட்டச் சொல்லி ஊருக்கே அறிவுரை வேறு!

புதுக்கோட்டை_பாண்டி
சிங்கப்பூரில், பத்தாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு எனக்கு மடிச்சூடு சொல்லித் தருகிறீர்களா அண்ணே? என் தம்பி ஊரில் மாடு வைத்திருக்கிறான். போன மாதம் ஜெர்சி கலப்பு ஒன்று ஈன்றது. வீடியோ காலில் நானே பார்த்தேன். பச்சைக்குக் கீழே, 42 என்று காட்டியது. கன்றுக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டு மீதியை ஊற்றச் சொன்னேன். கன்று நன்றாகத்தான் இருக்கிறது. அப்புறம் என்ன?

கிராஞ்சி_காளை
அப்புறம் என்னவா? உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். கறந்த சூட்டில் 37 டிகிரி என்று வைப்போம். 20-ஐ விட 17 டிகிரி அதிகம். ஒரு டிகிரிக்குச் சுமார் 0.8 கூட்ட வேண்டும். 13, 14 வருகிறது. 42-உடன் சேர்த்தால் 55. லிட்டருக்கு 50 கிராம் எதிர்ப்புப் புரதம் இருந்தாலே பச்சை. நீங்கள் ஊற்றியது பச்சை சீம்பால் தம்பி. அடுத்த மாடு கிடேரியாக இருந்து, தலை ஈத்தில் தண்ணீர் மாதிரிச் சீம்பால் வந்தால், அந்தக் கன்றுக்கு எடுத்து வைத்திருக்க வேண்டியது அது.

புதுக்கோட்டை_பாண்டி
ஊற்றியது சாக்கடையில் இல்லை, நாய்க்கு. ஊரில் நாய்க்கும் எதிர்ப்புச் சக்தி வேண்டும்.

ஜூரோங்_குமரன்
இரண்டு பேரும் ஏன் இவ்வளவு சிரமப்படுகிறீர்கள்? சூடுதான் பிரச்சினை என்றால் ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரவைத்து அளந்தால் முடிந்தது. நம் வீட்டுப் பக்கமெல்லாம் அப்படித்தான். அதற்கென்று தனிக் கருவி வாங்குவதும் வீண் செலவு. பால் சொசைட்டியில் இருக்கும் லாக்டோமீட்டர் போதும்.

கிராஞ்சி_காளை
குமரன், லாக்டோமீட்டரில் கோடு 40-ஓடு முடிந்துவிடும். பாலுக்கு அது போதும். நல்ல சீம்பாலில் அதைப் போட்டால் கோடெல்லாம் வெளியே நீட்டிக்கொண்டு மிதக்கும், படிக்க ஒன்றும் இருக்காது. அது கிடக்கட்டும். ஃபிரிட்ஜ் யோசனைதான் பாண்டி சொன்னதை விட மோசம். 5 டிகிரியில் பால் இறுகியிருக்கும், மிதவை மேலே எழும்பும். 20-ஐ விட 15 டிகிரி குறைவு, அதாவது 12 வரை கூடுதலாகக் காட்டும். 40 உள்ள மஞ்சள் சீம்பால் 52 என்று பச்சைச் சட்டை போட்டு நிற்கும். அதை நம்பி உறைய வைத்து, மூன்று மாதம் கழித்துத் தாயில்லாக் கன்றுக்குக் கொடுப்பீர்கள். சூட்டில் அளந்தால் பால் நட்டம். குளிரில் அளந்தால் கன்று நட்டம்.

ஜூரோங்_குமரன்
அப்படியானால் ரூம் டெம்பரேச்சரில் அளக்கலாம் என்று ஒரே வரியில் சொல்லியிருக்கலாமே.

கிராஞ்சி_காளை
எந்த ரூம்? அறந்தாங்கி மாட்டுக் கொட்டகையில் சித்திரை மாதம் ரூம் 36 டிகிரி. இங்கே ஏர்கான் இல்லாத அறையிலும் 30-ஐ ஒட்டித்தான் இருக்கும். கருவி செய்கிறவன் குளிர்நாட்டில் உட்கார்ந்து எழுதியது அந்த ரூம். ஒரு வாளித் தண்ணீரில் ஐஸ் கட்டி போட்டு, சீம்பால் குவளையை அதில் இறக்கி, தெர்மாமீட்டர் 20 காட்டும்வரை கலக்கிக் கொடுக்க வேண்டும். ஒரு குவளைக்குக் கால்மணி நேரம் கூட ஆகாது. தெர்மாமீட்டர் இல்லாமல் அளப்பது அளப்பதே இல்லை.

ஆய்வுக்கூட_அமுதா
சூட்டைப் பற்றிக் கிராஞ்சி அண்ணன் சொல்வது சரி. ஆனால் 0.8 என்பதை வேதவாக்காகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். மிதவை எதிர்ப்புப் புரதத்தை அளக்கவில்லை. மொத்தமாகச் சீம்பால் எவ்வளவு கனம் என்றுதான் காட்டுகிறது. அந்தக் கனத்தில் கொழுப்புக்கும் மற்றப் புரதங்களுக்கும் பங்கு உண்டு. ஜெர்சிக்கும் ஹோல்ஸ்டீனுக்கும் அதுவே மாறும். 48-க்கும் 52-க்கும் நடுவில் சண்டை போடுவதில் பொருளில்லை. சூட்டுக் கவலை குறைய வேண்டுமானால் சொட்டில் ஒளி வளைவதைப் பார்க்கும் பிரிக்ஸ் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள், அதில் 22-க்கு மேல் என்றால் நல்லது. இரண்டு சொட்டு போதும், உடையவும் உடையாது.

கிராஞ்சி_காளை
அமுதா, ஆய்வுக்கூடத்தில் ஏர்கான் போட்டு 20 டிகிரி வைத்திருக்கிறீர்கள், அதனால் சூடு உங்களுக்குக் கவலையில்லை. திரியின் தலைப்பு ஹைட்ரோமீட்டர். கருவியை மாற்றச் சொல்வது பதிலாகாது.

ஆய்வுக்கூட_அமுதா
நான் மாற்றச் சொல்லவில்லை. ஒரு டிகிரிக்கு 0.8 என்று கணக்குப் போட்டு 55-ஐ முடிந்த உண்மையாக நிறுத்தினீர்களே, அதைத்தான் சொன்னேன். பாண்டி தம்பி, வீடியோவில் பார்த்தபோது நுரை இருந்ததா? குவளையின் மேல் அரை விரல் நுரை நின்றால் கோடு அதற்குள் மறைந்துவிடும். பாலுக்குள் காற்றுக் குமிழி கலந்திருந்தாலும் பால் லேசாகி அளவு குறையும். நுரையை வழித்துவிட்டு, கொஞ்ச நேரம் விட்டு, கண்ணைப் பால் மட்டத்துக்கு இறக்கிப் படிக்க வேண்டும்.

புதுக்கோட்டை_பாண்டி
நுரை இருந்தது அக்கா. கறந்தால் நுரை வராமல் கொம்பா வரும்?

தேக்கா_தாத்தா
படிக்கவே வாயில் எச்சில் ஊறுகிறது. எங்கள் வீட்டில் சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் போட்டு ஆவியில் வேகவைப்பார்கள். துண்டு துண்டாக வெட்டலாம். இங்கே உறைய வைத்த சீம்பால் எந்தக் கடையில் கிடைக்கும்? கிலோ எவ்வளவு?

கிராஞ்சி_காளை
ஐயா, கன்றுக்கு எடுத்து வைப்பதைப் பற்றிப் பேசுகிறோம். ஆனாலும் நல்ல இடத்தில் வந்தீர்கள். ஆவியில் வைத்தால் கட்டியாகிறதே, அதுதான் உறைந்த சீம்பாலைக் கொதிநீரில் போடுகிறவர்களுக்கும் நடக்கிறது. அவசரத்தில் அடுப்பில் வைப்பார்கள். பை ஓரத்தில் தயிர் மாதிரித் திரிந்து நிற்கும். அந்தப் புரதம் போனது போனதுதான். தண்ணீர் 50 டிகிரியைத் தாண்டக்கூடாது. கை வைத்துத் தாங்க முடியாத சூடு என்றால் அதிகம். அதனால்தான் பெரிய டப்பாவில் உறைய வைக்காதீர்கள் என்கிறேன். ஒரு லிட்டர் ஜிப் பையில் ஊற்றி, காற்றைப் பிதுக்கிவிட்டு, ஃப்ரீசரில் தோசைக்கல் மாதிரித் தட்டையாகப் படுக்கவைக்க வேண்டும். சீக்கிரம் உறையும், சீக்கிரம் இளகும். பையின் மேல் மாட்டின் பெயர், தேதி, அளவு, அளந்தபோது இருந்த சூடு. அந்தக் கடைசி விவரம் இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

ஜூரோங்_குமரன்
மறுபடியும் சூடு.

கிராஞ்சி_காளை
மறுபடியும்தான். நீங்கள் ஒரு தெர்மாமீட்டர் வாங்கும்வரை.

புதுக்கோட்டை_பாண்டி
ஊரில் ஃப்ரீசர் இருக்கிறது, கரண்டுதான் வருவதில்லை. அதற்கும் ஒரு கணக்கு இருக்குமே?

ஆய்வுக்கூட_அமுதா
அது நியாயமான கேள்வி. -20 டிகிரியில் அசையாமல் இருந்தால் ஒரு வருடம் வரை தாங்கும். ஆனால் இளகி மறுபடி உறைந்தால் தரம் இறங்கும். தானாகப் பனி உருக்கும் ஃபிரிட்ஜ்களில் கூடக் கதவோரப் பைகள் இளகி இளகி இறுகும். கரண்டு அடிக்கடி போகும் இடத்தில் ஃப்ரீசரை நிரப்பி வையுங்கள், தண்ணீர் பாட்டில்களாவது. நிரம்பிய பெட்டி சீக்கிரம் இளகாது. இன்னொன்று: முதல் கறவையை மட்டும் எடுங்கள். இரண்டாவது கறவையிலேயே பாதிக்குப் பாதி நீர்த்துவிடும். மடிவீக்கம் உள்ள மாட்டின் சீம்பாலும், இரத்தம் கலந்ததும் வேண்டவே வேண்டாம், மிதவை பச்சை காட்டினாலும் சரி. நோய்க் கிருமியை மிதவை காட்டாது.

தேக்கா_தாத்தா
நஞ்சுக்கொடி விழுவதற்கு முன் சீம்பால் கறக்கக் கூடாது என்று எங்கள் தாத்தா சொல்வார். தேக்காவில் கெர்பாவ் ரோடு, பஃபலோ ரோடு என்று இன்றைக்கும் எருமைப் பெயர் இருக்கிறதே, அங்கே மாடு கட்டிய காலத்து ஆள். மிதவையும் இல்லை, ஐஸ் வாளியும் இல்லை. விரலில் தொட்டுப் பார்ப்பார். தேன் மாதிரி இழுபட்டால் நல்லது.

கிராஞ்சி_காளை
கெட்டியாக இருப்பதெல்லாம் நல்லது இல்லை ஐயா. மஞ்சள் நிறமும் தீவனத்தால் மாறும். நஞ்சுக்கொடிக்குக் காத்திருக்கும் பழக்கத்தால்தான் எத்தனையோ கன்றுகள் போகின்றன. கன்றின் குடல் எதிர்ப்புப் புரதத்தை முதல் சில மணி நேரத்தில்தான் நன்றாக இழுக்கும், ஒரு நாள் ஆனால் கதவு சாத்திவிடும். 28 கிலோ கன்றுக்கு ஏறக்குறைய 3 லிட்டர், முடிந்தவரை முதல் இரண்டு மணி நேரத்துக்குள். மிச்சம்தான் ஃப்ரீசருக்கு.

தேக்கா_தாத்தா
என் தாத்தாவைக் குறை சொல்ல வேண்டாம். பொங்கலுக்குத் தேக்காவில் கட்டும் மாட்டுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துப் போடும் ஆட்களெல்லாம் மாட்டுக்காரர்களா?

கிராஞ்சி_காளை
படம் போட்டது நான் இல்லை. போன வருடமும் இதே பழியைப் போட்டீர்கள், அந்தத் திரி இன்னும் இருக்கிறது, போய்ப் பாருங்கள். நான் பண்ணையில் கை நனைய வேலை பார்த்தவன்.

ஜூரோங்_குமரன்
அந்தத் திரியில் சாணி வறட்டி பற்றி இவர் நாற்பது பதிவு எழுதினார். எனக்கு நினைவிருக்கிறது.

புதுக்கோட்டை_பாண்டி
அடுத்த மாடு ஆடியில் ஈனும். தம்பியிடம் சொல்லிவிட்டேன், கறந்த கையோடு மிதவையைப் போடு, பச்சை வந்தால் எடுத்து வை என்று. 55 வேண்டுமானால் கிராஞ்சி அண்ணன் இங்கிருந்தே கூட்டிக்கொள்ளட்டும்.

கிராஞ்சி_காளை
கூட்டத்தான் போகிறேன். வீடியோவில் தெர்மாமீட்டரையும் காட்டச் சொல்லுங்கள். அது தெரியாமல் எந்த எண்ணைச் சொன்னாலும் இந்தத் திரியில் நான் ஏற்க மாட்டேன்.

ஆய்வுக்கூட_அமுதா
நுரையையும் வழிக்கச் சொல்லுங்கள்.

புதுக்கோட்டை_பாண்டி
வழிக்கிறோம் அக்கா. சூடு மட்டும் சும்மாதான்.