உதவி தேவை: நான் வரைந்த பாட்டி, தாளின் ஓரத்தில் குறிப்பு எழுதுகிறார்

லைட்பாக்ஸ்_மலர்:
தலையில் கூடை சுமந்து நடக்கும் ஒரு பாட்டியை அனிமேஷனுக்காகத் தாளில் பென்சிலால் வரைந்து வருகிறேன். நொடிக்கு 24 ஃபிரேம்; ஒரு படத்துக்கு இரண்டு ஃபிரேம் என்பதால் இரண்டு காலடிகளுக்கு 12 தாள்கள், அவற்றுக்கு 1, 3, 5 என்று 23 வரை ஒற்றைப்படை எண்கள். பாட்டி திரையின் நடுவிலேயே இருப்பார், பின்னணி மட்டும் ஃபிரேமுக்கு 2 மி.மீ. நகரும்.

நேற்று இரவு ஒன்றரை மணிக்குத் தேநீர் போட்டுக்கொண்டு திரும்பியபோது, 7ஆம் தாளின் ஓரத்தில், "ஊன்றிய கால் வழுக்குகிறது. தரை எனக்கு முன்பே போய்விடுகிறது" என்று எழுதியிருந்தது. நான் தனியாக இருக்கிறேன், அது என் கையெழுத்தும் அன்று. என்ன செய்வது?

செல்வம்_2டி:
எனக்கும் இப்படி நேர்ந்தது. வாடிக்கையாளரின் குறிப்புகள் இருந்த லேயரை அணைக்க மறந்திருந்தேன். உங்கள் லேயர்களைப் பாருங்கள்.

காகிதக்காரன்:
அவர் தாளில் வரைகிறார், செல்வம். மலர், மேலே இருந்த தாளில் எப்போதோ அழுத்தி எழுதியது கீழே பதிந்து, நீங்கள் நிழல் தீட்டும்போது தெரிந்திருக்கும்.

லைட்பாக்ஸ்_மலர்:
விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன், ஐயா. தாளில் பள்ளமே இல்லை. கரி மட்டும் மேலே படிந்திருக்கிறது.

பழைய பெக்பார்:
எழுதியது யாராயினும், குறை உண்மையானது, அம்மா. ஒரே படம் இரண்டு ஃபிரேம் நிற்கும்போது பின்னணி இரண்டாவது ஃபிரேமிலும் 2 மி.மீ. நகர்ந்துவிடுகிறது, பாதமோ அங்கேயே நின்று, அடுத்த படத்தில் 4 மி.மீ. தாவிப் பிடிக்கிறது. பின்னணியையும் இரண்டு ஃபிரேமுக்கு ஒருமுறை 4 மி.மீ. நகர்த்தினால் வழுக்கல் போகும், ஆனால் மரங்களின் செங்குத்துக் கோடுகள் துடிக்கத் தொடங்கும். ஆகையால் இடையில் 12 படங்கள் கூடுதலாக வரைந்து, ஃபிரேமுக்கு ஒரு படம் ஆக்குங்கள். ஊன்றிய பாதத்தைப் படத்துக்குச் சரியாக 2 மி.மீ. என்று அளவுகோல் வைத்தே நகர்த்துங்கள். அங்கே கண்மதிப்பு உதவாது.

லைட்பாக்ஸ்_மலர்:
மூன்று இரவுகளில் பன்னிரண்டையும் வரைந்தேன். கால் இப்போது தரையைப் பிடித்து நிற்கிறது, மிக்க நன்றி ஐயா. ஆனால் இன்று, நேற்றுதான் வரைந்து முடித்த 8ஆம் தாளில், "இந்த வேப்பமரத்தை மூன்றாவது முறையாகக் கடக்கிறேன்" என்று இருக்கிறது.

பழைய பெக்பார்:
காட்சி எத்தனை நொடி? பின்னணி எவ்வளவு நீளம்?

லைட்பாக்ஸ்_மலர்:
30 நொடி. 48 செ.மீ. பின்னணியின் இரு முனைகளையும் பொருத்திச் சுழலவிட்டிருக்கிறேன்.

பழைய பெக்பார்:
நொடிக்கு 48 மி.மீ. போகிறது என்றால், பத்து நொடிக்கு ஒருமுறை அதே மரம் வரும். பாட்டி சரியாகத்தான் எண்ணியிருக்கிறார்.

காகிதக்காரன்:
மரத்தை எடுத்துவிட்டு வெறும் புல்லாக விடுங்கள், யாருக்கும் தெரியாது.

லைட்பாக்ஸ்_மலர்:
அவருக்குத் தெரியும், ஐயா. 144 செ.மீ. ஓட்டத்தோடு திரையின் அகலம் 25 செ.மீ. சேர்த்து, 169 செ.மீ. தாளை ஒட்டிக்கொண்டிருக்கிறேன். வழி எங்கே முடிய வேண்டும் என்று 23ஆம் தாளின் ஓரத்தில் கேட்டு எழுதி, பென்சிலைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.