பாரிட்டி, சின்ட்ரோம்: ‘இரட்டைச் சோதனை அணி’, ‘பிழைமுகவரி’ சரிவருமா?

கயல்விழி:

நண்பர்களுக்கு வணக்கம். இரும நேரியல் குறிமுறைகள் பற்றிய பாடத்தைத் தமிழில் எழுதும்போது இரண்டு சொற்களில் தட்டி நிற்கிறேன். பாரிட்டி செக் மேட்ரிக்ஸ் என்பதற்கு வரைவில் "சமநிலைச் சரிபார்ப்பு அணி" என்று இருக்கிறது. சின்ட்ரோம் என்பதற்கு "நோய்க்குறி". இரண்டும் உறுத்துகின்றன. இயற்பியலில் சமநிலை என்றால் தராசு நேராக நிற்பது. இங்கே எதுவும் எதற்கும் சமமாக நிற்கவில்லை, ஒன்றுகளை எண்ணி ஒற்றையா இரட்டையா என்று பார்க்கிறோம், அவ்வளவுதான்.

பாடத்தில் வரும் அணி, ஹாமிங் 1950-இல் வெளியிட்ட ஏழு பிட் குறிமுறைக்கு உரியது:

```
0 0 0 1 1 1 1
0 1 1 0 0 1 1
1 0 1 0 1 0 1
```

நிரல்களை மேலிருந்து கீழாக இரும எண்ணாகப் படித்தால் 1 முதல் 7 வரை வரும். 1, 2, 4 ஆம் இடங்கள் சோதனை பிட்டுகள். தகவல் 3, 5, 6, 7 இல் உட்காரும். 1011 என்ற தகவலை அங்கே வைத்து, ஒவ்வொரு நிரையிலும் 1 உள்ள இடங்களில் இரட்டைப்படை எண்ணிக்கையில் ஒன்றுகள் வரும்படி மற்ற மூன்றையும் நிரப்பினால் 0110011 கிடைக்கும். வழியில் ஐந்தாவது பிட் புரண்டு 0110111 ஆக வந்து சேர்ந்தது என்று வையுங்கள். முதல் நிரை 4, 5, 6, 7 ஐப் பார்க்கும்: 0, 1, 1, 1. ஒற்றை, எனவே விடை 1. இரண்டாம் நிரை 2, 3, 6, 7 ஐப் பார்க்கும்: நான்கும் ஒன்று, விடை 0. மூன்றாவது 1, 3, 5, 7 ஐப் பார்க்கும்: 0, 1, 1, 1, விடை 1. மூன்று விடைகளும் சேர்ந்ததுதான் சின்ட்ரோம். சேர்த்துப் படித்தால் 101, அதாவது ஐந்து. புரண்ட இடமே விடையாக வந்துவிட்டது! இதைப் பார்த்ததும் சின்ட்ரோமுக்கு "பிழைமுகவரி" என்று வைக்கலாமே என்று தோன்றியது. அணிக்கு "இரட்டைச் சோதனை அணி". உங்கள் கருத்து தேவை.

இளங்கோ:

பிழைமுகவரி அருமை. மாணவனுக்குச் சொன்னவுடன் புரியும். அந்த அணி ஒரு பிட் புரண்டதைக் கண்டறியக் காரணமே எல்லா நிரல்களும் வெவ்வேறாக இருப்பதுதான். இரண்டு நிரல்கள் ஒன்றாக இருந்தால் பிழையைக் கண்டறியவே முடியாது. ஆகவே முகவரி என்ற சொல் அதன் சாரத்தையே பிடித்துவிடுகிறது.

சிவநேசன்:

இளங்கோ சொன்னதில் பாதி சரி. கண்டறிவதற்கு நிரல்கள் வேறுபட வேண்டியதில்லை, எந்த நிரலும் முழுக்கச் சுழியமாக இல்லாவிட்டால் போதும். ஒரே நிரை கொண்ட 1111111 என்ற அணியை எடுத்துப் பாருங்கள். அதன் ஏழு நிரல்களும் ஒன்றேதான். எந்தப் பிட் புரண்டாலும் விடை 1 என்று கத்தும். எது புரண்டது என்று மட்டும் சொல்லாது. நிரல்கள் வேறுபடவேண்டும் என்ற நிபந்தனை இடத்தை அறிவதற்கானது. நிரல் ஒன்று சுழியமாகப் போனால்தான் ஆபத்து: அந்தப் பிட்டை எந்த நிரையும் பார்ப்பதில்லை, அது புரண்டால் யாருக்கும் தெரியாது. பாடத்தில் கண்டறிதலையும் இடமறிதலையும் இரு சொற்களாகப் பிரித்து வைக்கவேண்டும், இல்லாவிட்டால் இந்தக் குழப்பம் தொடர்ந்து வரும்.

"இரட்டைச் சோதனை" வேண்டாம். ஒன்றை இரண்டு தடவை சரிபார்ப்பது என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். இரட்டைப்படை என்று முழுதாக வைத்தால் அந்தச் சந்தேகம் எழாது.

மேட்ரிக்ஸுக்கு எங்கள் ஈழப் பக்கம் பள்ளியில் தாயம் என்றுதான் படித்தோம். அணி என்றால் எங்களுக்குக் கிரிக்கெட் அணிதான் முதலில் ஞாபகம் வரும்.

கயல்விழி:

எங்கள் ஊரில் தாயம் என்றால் கட்டை உருட்டி ஆடுவது, ஐயா. இதை இப்போதைக்கு ஒதுக்கி வைப்போம். நிரையும் நிரலும் இருபக்கமும் ஒன்றுதான் என்பதே பெரிய ஆறுதல்.

"படை" தனியாகப் பிரிந்து நின்று சேனையை நினைவூட்டுமே என்று ஒரு தயக்கம். "ஒற்றையிரட்டைச் சோதனை அணி" என்றால்? புளியங்கொட்டையைக் கைக்குள் மூடிக்கொண்டு ஒற்றையா இரட்டையா என்று கேட்கும் விளையாட்டு எல்லோருக்கும் தெரியும். அணியின் ஒவ்வொரு நிரையும் கேட்பது அதே கேள்விதான்.

ராமசாமி:

ஆதார் எண்ணின் கடைசி இலக்கமும் இப்படித்தானே பிழையைப் பிடிக்கிறது? அதற்கு "சரிபார்ப்பு இலக்கம்" என்று எழுதுகிறோம். அதையே இங்கும் வைத்து "சரிபார்ப்பு அணி" என்று சுருக்கிவிடலாம். புதுச்சொல் எதற்கு?

சிவநேசன்:

ராமசாமி ஐயா, நோக்கம் ஒன்று, கணக்கு வேறு. ஆதாரின் கடைசி இலக்கம் வெர்ஹோஃப் முறையில் வருவது. அது பத்து இலக்கங்களின் மேல், வரிசை மாற்றினால் விடை மாறும் ஒரு பெருக்கலை வைத்து இயங்குவது. அங்கே ஒற்றை இரட்டை என்ற பேச்சே இல்லை. ஆனாலும் உங்கள் சுருக்கத்தை நான் தள்ளவில்லை. முதல் தடவை முழுப்பெயரைச் சொல்லிவிட்டு, அடுத்தடுத்த பந்திகளில் "சோதனை அணி" என்று மட்டும் எழுதலாம்.

ஒற்றையிரட்டை என்பதை நான் ஏற்கத் தயங்குவதற்குக் கணிதக் காரணம் உண்டு. நேரியல் என்றால் குறிமுறையின் விதிகளுக்கு உட்பட்ட இரண்டு பிட் சொற்களைப் பிட் பிட்டாகக் கூட்டினாலும் மூன்றாவது சொல் அதே தொகுதிக்குள் இருக்கவேண்டும். ஒற்றைப்படை எண்ணிக்கை கொண்ட இரண்டைக் கூட்டினால் இரட்டைப்படைதான் வரும், அது தொகுதிக்கு வெளியே போய்விடும். முழுச் சுழியச் சொல்லுக்கும் அங்கே இடமில்லை. ஆகவே இந்த அணியின் எந்த நிரையும் ஒற்றைப்படையைக் கோரவே முடியாது. இரட்டைப்படை என்று பெயரிலேயே சொல்லிவிடுவது கூடுதல் துல்லியம்.

இளங்கோ:

ஆனால் சீரியல் போர்ட்டில் ஒற்றைப்படைப் பாரிட்டி என்று தேர்வு இருக்கிறதே. பாரிட்டி பிட் என்பதை "இரட்டைப்படை பிட்" என்று எழுதினால் அங்கே பொய்யாகிவிடும்.

சிவநேசன்:

உண்மை. அந்த இடத்தில் பொதுச்சொல் வேண்டும், கயல்விழியின் ஒற்றையிரட்டை அங்கே பொருந்தும். என் வாதம் இந்த அணியின் பெயருக்கு மட்டும்தான்.

பாத்திமா:

முகவரி பற்றி ஒரு எச்சரிக்கை. நான் எழுதிய நிரல் அந்தச் சொல்லை நம்பித்தான் தவறாகப் போனது. (நிரல் என்று இங்கே சொல்வது புரோகிராமை. இதுவும் ஒரு சொல் மோதல்தான்.) நான் எடுத்த அணியில் தகவல் பிட்டுகள் முதல் நான்கு இடங்களில், சோதனை பிட்டுகள் கடைசி மூன்றில் வரும்:

```python
H = [[1,1,0,1,1,0,0],
     [1,0,1,1,0,1,0],
     [0,1,1,1,0,0,1]]
r = [1,1,1,1,0,1,0]
s = tuple(sum(a*b for a,b in zip(row,r)) % 2
          for row in H)
```

அனுப்பியது 1011010. இரண்டாவது பிட் புரண்டு வந்தது. `s` கணக்கில் 1, 0, 1 சரியாகவே கிடைத்தது. 101 என்றால் ஐந்து என்று நினைத்து ஐந்தாவது பிட்டைப் புரட்டினேன். விளைவு, ஒரு பிழை இரண்டானது. தகவல் 1111 என்று வெளியே வந்தது. நிரையெல்லாம் ஒழுங்கு, கூட்டலெல்லாம் ஒழுங்கு, எங்கே தப்பு என்று பிடிக்கவே நேரமாயிற்று. விடையை எண்ணாகப் படிக்கக்கூடாது, அணியின் நிரல்களில் அதே வடிவம் எங்கே இருக்கிறது என்று தேடவேண்டும்:

```python
if any(s):
    i = list(zip(*H)).index(s)
    r[i] ^= 1
```

இங்கே `i` 1 என்று வரும். பைத்தான் சுழியத்திலிருந்து எண்ணுவதால் அது இரண்டாவது பிட். `any(s)` என்ற சோதனையை விட்டுவிட்டால், பிழையே இல்லாமல் வந்த சொல்லுக்கு முழுச் சுழிய நிரலைத் தேடிப்போய் புரோகிராம் முறிந்துவிடும்.

கயல்விழி அக்கா எடுத்துக்கொண்ட அணியில் நிரல்கள் எண் வரிசையில் அடுக்கப்பட்டிருப்பதால் மட்டும்தான் முகவரி நேரடியாகத் தெரிகிறது. அது அந்த அடுக்கின் வசதி, சின்ட்ரோமின் இயல்பு அல்ல.

கயல்விழி:

நன்றி பாத்திமா, இது எனக்குத் தெரியாமல் போயிற்று. பாடத்தில் இந்த இரண்டாவது அணியையும் சேர்க்கிறேன். அப்படியானால் முகவரி போகட்டும். வேறென்ன?

சிவநேசன்:

"பிழைச்சுவடு" என்று வைத்துப் பாருங்கள். காரணம் சொல்கிறேன்.

சரியான சொல் எதை அனுப்பினாலும் அணி அதற்கு முழுச் சுழியத்தையே தரும். வந்த சொல் என்பது அனுப்பிய சொல்லும் பிழையும் சேர்ந்த கூட்டல். ஆகவே அணியால் பெருக்கியதும் அனுப்பிய சொல்லின் பங்கு மறைந்துபோய், பிழையின் பங்கு மட்டும் மிஞ்சுகிறது. என்ன தகவல் அனுப்பினார்கள் என்பதை அது துளியும் காட்டாது. மணலில் ஆள் போனபிறகு காலடி மட்டும் நிற்பதுபோல. அதுதான் சுவடு.

இன்னொன்று. முகவரி என்றால் அங்கே போனால் ஆள் இருப்பான் என்று உறுதி தருகிறது. இங்கே அந்த உறுதி இல்லை. முதல் அணியிலேயே ஐந்தும் ஆறும் சேர்ந்து புரண்டால் 0110101 வரும். நிரைகளைக் கணக்கிட்டால் 011, அதாவது மூன்று. மூன்றாவது பிட்டில் ஒரு குற்றமும் இல்லை. ஆனாலும் அதைப் புரட்டி 0100101 ஆக்குவோம். இது விதிகளுக்கு முற்றிலும் உட்பட்ட சொல், மறுபடி சோதித்தாலும் சுழியமே வரும். வாசிக்கும் தகவல் 0101. அனுப்பியது 1011. நான்கு பிட்டில் மூன்று தவறு!

இதைத் தவிர்க்க இந்த ஏழு பிட்டுக்குள் வழியே இல்லை. சரியான சொற்கள் 16. ஒவ்வொன்றும் தன்னையும், ஒரு பிட் புரண்ட ஏழு வடிவங்களையும் சேர்த்து எட்டைப் பிடித்துக்கொள்கிறது. 16 பெருக்கல் 8 என்பது 128, ஏழு பிட்டில் எழுதக்கூடிய எல்லாமும் தீர்ந்துவிட்டது. இரண்டு பிழை நடந்தது என்று சொல்ல ஒரு இடமும் மிச்சமில்லை. எல்லாப் பிட்டுகளையும் எண்ணும் எட்டாவது சோதனை பிட் ஒன்றைச் சேர்த்தால் நிலைமை மாறும். இரண்டு பிட் புரளும்போது மொத்த எண்ணிக்கை இரட்டைப்படையாகவே இருக்கும், மற்ற மூன்று நிரைகளோ சுழியம் அல்லாத விடை தரும். அந்த முரணைக் கண்டதும் திருத்தாமல் நிறுத்திவிடலாம். சர்வர்களில் 64 பிட்டுக்கு 8 பிட் கூடுதலாக வைத்து 72 ஆக்கும் நினைவகங்கள் செய்வது இந்த வேலையைத்தான்.

காலடி ஒன்றைப் பார்த்து யார் போனார் என்று ஊகிக்கிறோம். ஊகம் பிழைக்கலாம், சுவடு பொய்யல்ல.

இளங்கோ:

கண்டறிதல் பற்றி நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். சுவடு பிடித்திருக்கிறது. ஆனால் ஐயா, உங்கள் பக்கம் பிழைக்கு "வழு" என்றல்லவா எழுதுவீர்கள்? வழுச்சுவடு என்று ஆகிவிடாதா? இங்கே மென்பொருள் பக்ஸை வழு என்று சொல்லிப் பழகிவிட்டார்கள்.

சிவநேசன்:

ஆம், எங்கள் மாணவர்கள் வழுச்சுவடு என்றே எழுதுவார்கள். அதைத் தடுக்கமுடியாது. சுவடு என்ற பின்பாதி ஒன்றாக இருந்தால் தேடிக் கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

ராமசாமி:

சின்ட்ரோம் மருத்துவத்திலிருந்து கடன் வாங்கிய சொல்தானே. மூலத்தில் இருக்கும் உவமையை நாம் ஏன் கழற்றவேண்டும்? "அறிகுறி" என்று வைத்தாலே போதும். மூன்று விடைகளும் மூன்று அறிகுறிகள், சேர்த்துப் பார்த்துத்தான் நோய் தெரியும். ஊகம் தவறலாம் என்பதும் அதில் இருக்கிறது.

பாத்திமா:

இது நல்ல வாதம் ஐயா. எனக்குள்ள ஒரே சிக்கல், குறிமுறை, குறி, அறிகுறி என்று ஒரே வரியில் மூன்று குறி வந்துவிடும். "இக்குறியின் அறிகுறி சுழியமானால்" என்று வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

கயல்விழி:

படித்துப் பார்த்தேன், தடுக்குகிறது. வரைவில் இப்படி மாற்றுகிறேன்: "இரட்டைப்படைச் சோதனை அணி", சுருக்கமாகச் "சோதனை அணி". தனி பாரிட்டி பிட் வரும் இடத்தில் "ஒற்றையிரட்டை பிட்". சின்ட்ரோமுக்குப் "பிழைச்சுவடு", ராமசாமி ஐயாவின் "அறிகுறி" மாற்றுச்சொல்லாகப் பக்கத்தில் இருக்கும். தாயம் ஈழ வழக்காகப் பதிவாகும்.

கோட்வேர்டுக்கு இன்னும் சொல் இல்லை. "குறிச்சொல்" என்றால் வலைப்பதிவுகளில் பதிவுக்கு ஒட்டும் டேகைத்தான் நினைப்பார்கள். இதுவரை "சரியான சொல்" என்று சமாளித்திருக்கிறோம். சிவநேசன் ஐயா, 0100101 என்று தவறாகத் திருத்திய சொல்லும் அந்தப் பெயரிலேயே வந்துவிடுகிறதே, அதை என்ன செய்வது?