கோயில் சாமான் சரிபார்ப்பு: நம் தெரு அம்மன் கோயில் குழுவில் நடந்த பேச்சு

செயலாளர்: அனைவருக்கும் வணக்கம். இன்று சாமான் சரிபார்ப்பு முடிந்தது. அண்டா, தவலை, தாம்பாளம், ஜமுக்காளம் எல்லாம் பதிவேட்டின்படி இருக்கின்றன. இரண்டு இனங்களில் மட்டும் எடை குறைகிறது. கருவறை முன் நிற்கும் ஜோடிக் குத்துவிளக்கு பதிவேட்டில் 18.400 கிலோ, இன்று 16.900. அம்மன் வெள்ளிக் கவசம் பதிவேட்டில் 2.350 கிலோ, இன்று 2.310. அறங்காவலர்கள் மூவரும் இன்னும் கையெழுத்து இடவில்லை.

சென்னை சித்தப்பா: எண்ணிக்கை சரியாக இருக்கிறது அல்லவா? வருடம் முழுவதும் புளி போட்டுத் தேய்த்தால் பித்தளை தேயத்தான் செய்யும். கையெழுத்து போட்டு முடியுங்கள் தம்பி.

மேலத்தெரு மாமா: தேய்மானம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் புளியும் சாம்பலும் ஒன்றரை கிலோவைத் தின்னாது. நான் கோயில் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன். எண்ணிக்கையை மட்டும் பார்த்துக் கையெழுத்து வாங்கிய பட்டியல்களில்தான் கனமான விளக்கு போய் இலேசான விளக்கு வந்து நிற்கும். தம்பி, இரண்டையும் தனித்தனியாக நிறுத்தீர்களா?

செயலாளர்: இல்லை மாமா, சேர்த்துத்தான் நிறுத்தோம்.

மேலத்தெரு மாமா: தனித்தனியாக நிறுங்கள். பிறகு மரையைத் திருகிக் கழற்றி அடிப்பீடம், தண்டு, எண்ணெய்த் தட்டு, அன்னம் என்று பிரித்துப் பாருங்கள். அடிப்பீடத்தின் விளிம்பில் உபயதாரர் பெயர் வெட்டியிருக்கும்.

கடைவீதி அத்தை: அண்டா என்றதும் கேட்கிறேன். போன பொங்கலுக்கு என் மாமியாரின் பெரிய அண்டாவை இரவல் கொடுத்தேன். அது திரும்பி வரவே இல்லை. அதையும் கோயில் கணக்கில் எழுதிவிட்டீர்களா?

பொருளாளர்: அத்தை, பதிவேட்டில் 4 அண்டா, அறையில் 5 இருந்தன. கூடுதலாக இருப்பதைத் தனியே வைத்திருக்கிறோம். அடையாளம் ஏதாவது உண்டா?

கடைவீதி அத்தை: கழுத்துக்குக் கீழே மாமியார் பெயரின் முதலெழுத்து புள்ளி புள்ளியாகக் குத்தியிருக்கும். ஒரு காது ஈயம் வைத்து ஒட்டியது.

பொருளாளர்: இருக்கிறது அத்தை, இரண்டு அடையாளமும் சரி. நாளை வந்து கையெழுத்திட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

மேலத்தெரு மாமா: செயலாளர் தம்பி இதைக் கவனிக்க வேண்டும். குறைவைத் தேடுகிற அளவுக்குக் கூடுதலையும் தேட வேண்டும். அப்படியே எழுதியிருந்தால் அத்தை வீட்டுப் பொருள் கோயில் சொத்தாகியிருக்கும்.

செயலாளர்: மாமா, விளக்கைக் கழற்றிவிட்டோம். ஒன்று 9.200, சரியாக இருக்கிறது. மற்றொன்று 7.700. அதன் அடிப்பீடத்தில் பெயர் இல்லை, உட்புறமும் மெல்லியதாக இருக்கிறது.

மேலத்தெரு மாமா: மண்டபத்து விளக்கை நிறுத்தீர்களா? பதிவேட்டில் எவ்வளவு?

செயலாளர்: பதிவேட்டில் 5.600. இப்போது நிறுத்தால் 7.100! பெயர் வெட்டிய பீடம் அதில்தான் இருக்கிறது மாமா.

மேலத்தெரு மாமா: அங்கே குறைந்த ஒன்றரை கிலோ இங்கே ஏறியிருக்கிறது. மூன்றின் மொத்தம் அன்றும் 24 கிலோ, இன்றும் 24 கிலோ. ஒரே அளவு மரை என்பதால் பீடம் மாறியிருக்கிறது.

பூசாரி: பௌர்ணமி விளக்குப் பூஜை முடிந்ததும் எல்லா விளக்கையும் ஒன்றாகக் கழற்றிக் கழுவினார்கள் ஐயா. அன்று மாறியிருக்கலாம்.

மேலத்தெரு மாமா: ஒவ்வொரு பாகத்திலும் உட்புறம் ஒரே எண்ணைக் குத்தி வையுங்கள். பிறகு மாறாது.

சென்னை சித்தப்பா: நல்லது. கவசம் 40 கிராம்தானே, அதை விட்டுவிடலாமே?

பொருளாளர்: சித்தப்பா, அது வெள்ளி. ஆடித் திருவிழாவுக்கு முன் மெருகுக்குக் கொடுத்தோம். கொடுக்கும்போது எடை எழுதி வாங்கவில்லை.

மேலத்தெரு மாமா: மெருகில் கொஞ்சம் வெள்ளி போகும், இவ்வளவு போகுமா என்பது சந்தேகம். எந்தத் தராசில் நிறுத்தீர்கள்?

பொருளாளர்: விளக்கு நிறுத்த அதே காய்கறிக் கடைத் தராசில்தான்.

மேலத்தெரு மாமா: அந்த எடையை வைத்து யாரையும் குறை சொல்லக் கூடாது. நகைக்கடைத் தராசில் மறுபடி நிறுங்கள். கவசத்தின் பின்பக்கத்தையும் படம் எடுத்துப் போடுங்கள். கட்டும் கொக்கிகள் எல்லாம் இருக்கின்றனவா, புதிதாகப் பற்றவைத்த தடம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

பூசாரி: இடப்பக்கம் ஒரு கொக்கி இல்லை ஐயா, நூலால் கட்டித்தான் சாத்துகிறேன். மெருகுக்கு முன்பே இல்லையா என்பது நினைவில்லை.

செயலாளர்: அப்படியானால் கையெழுத்தைத் தள்ளிப்போடலாமா?

மேலத்தெரு மாமா: தள்ள வேண்டாம். அறநிலையத் துறைச் சட்டம், 1959 இல், 29ஆம் பிரிவு பதிவேட்டைப் பற்றியது, 30ஆம் பிரிவு அதை ஆண்டுதோறும் சரிபார்ப்பதைப் பற்றியது. மாறுதல், விடுபட்டது, சேர்க்க வேண்டியது எல்லாம் அறிக்கையில் வர வேண்டும் என்பதே அதன் சாரம். நம் கோயில் பங்காளிகள் கோயில்தான், ஆனாலும் அந்த முறையை நாமும் பின்பற்றுவது நல்லது. பழைய எடையை அழிக்காமல், பக்கத்தில் ‘இன்றைய எடை 2.310, இடக் கொக்கி ஒன்று இல்லை, நகைத் தராசில் மறு எடை நிலுவை’ என்று எழுதி, அதன் கீழ் மூவரும் கையெழுத்திடுங்கள். வெறும் ‘சரி’ என்று எழுதாதீர்கள்.

பொருளாளர்: வெள்ளிக்கிழமை காலை கவசத்தை நானும் பூசாரியும் நகைக்கடைக்கு எடுத்துச் செல்கிறோம். அறங்காவலர் ஒருவர் கூட வர வேண்டும். யார் வருகிறீர்கள்?