மெனியர் நோய்க் கையேடு: காதுக்குள் ‘நிரம்பிய’ உணர்வுக்கு ஒரு சொல் வேண்டும்

மல்லிகா, மதுரை
வணக்கம். எங்கள் செவிலிய மாணவிகள் நோயாளிகளுக்குக் கொடுக்கப்போகும் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வரைவை இத்துடன் இணைத்திருக்கிறேன். தலைச்சுற்றல், காதிரைச்சல் இரண்டிலும் சிக்கல் இல்லை. மூன்றாவதுதான் இடிக்கிறது: காதுக்குள் ஏதோ நிரம்பி அழுத்துவது போன்ற உணர்வு. ‘காது அடைப்பு’ என்றால் குறும்பி அடைத்திருக்கிறது என்று நினைத்து எண்ணெய் ஊற்றிக்கொள்கிறார்கள். இந்த நோயில் வெளிக்காது சுத்தமாக இருக்கும். உட்காதில் இருக்கும் நீர்தான் மிகுந்திருக்கும். நல்ல சொல் தாருங்கள்.

சொக்கலிங்கம், காரைக்குடி
செவிச்செறிவு. செறுத்தல் என்றால் தடுத்து நிறுத்துதல். செறு என்றால் வயல், நீரைத் தேக்கி வைக்கும் நிலம். உட்காதில் நீர் தேங்குவதை இதைவிடப் பொருத்தமாகச் சொல்ல முடியாது. செவியுணவு என்று வள்ளுவர் வழியில் பேசும் நமக்குக் ‘காது’ எதற்கு? நோய்க்கும் பிரெஞ்சு மருத்துவர் பெயர் வேண்டாம், ‘உட்செவி நீர்ப்பெருக்கு’ போதும்.

இளங்கோ, திருமங்கலம்
ஐயா, நான் வேதியியல் ஆசிரியர். எங்கள் பாடநூலில் செறிவு என்றால் கரைசலில் உப்பு எவ்வளவு இருக்கிறது என்பது. அடுத்த பக்கத்திலேயே உப்பைக் குறைக்கச் சொல்லும் கையேட்டில் அந்தச் சொல் குழப்பும். நோயின் பெயரையும் மாற்றாமல் அப்படியே விட்டுவிடுங்கள்; சுற்றலின் காரணம் மூளையில் இல்லாமல் உட்காதிலும் இருக்கலாம் என்று 1861-இல் பாரீசில் எடுத்துச் சொன்னவர் மெனியர்.

பாண்டியம்மாள், உசிலம்பட்டி
எனக்கும் இதே நோய்தான். கட்டிலில் வலப்பக்கம் புரண்டால் வீடே சுற்றும், அரை நிமிஷத்தில் நின்றுவிடும். காது நன்றாகக் கேட்கிறது. சாதா உப்பை விட்டுவிட்டு இந்துப்பு போட்டுச் சமைக்கிறேன், அப்பவும் வருது. நாங்கள் ‘காது திம்முனு இருக்கு’ என்போம், அதையே எழுதுங்கள்.

டாக்டர் ரவி, மதுரை (காது-மூக்கு-தொண்டை)
பாண்டியம்மாள் அக்கா, நீங்கள் சொல்வது வேறு நோய் போலத் தெரிகிறது. புரளும்போது சில விநாடி சுற்றுவது, உட்காதில் சிறு சுண்ணத் துகள்கள் இடம் மாறுவதால் வருவது. தலையைக் குறிப்பிட்ட முறையில் திருப்பிவிட்டாலே பெரும்பாலும் சரியாகும். உப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. நேரில் காட்டிவிடுங்கள். மெனியரில் சுற்றல் 20 நிமிடத்திலிருந்து 12 மணி நேரம் வரை நீடிக்கும், கூடவே வாந்தி வரும். பாதித்த காதில் முதலில் தாழ்ந்த ஒலிகள் கேட்பது குறையும், பிறகு ஓரளவு திரும்பும். அதனால்தான் கேட்புச் சோதனையை மறுபடி மறுபடி எடுக்கிறோம்.

இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான்.

மல்லிகா, உங்கள் வரைவில் ஒரு பெரிய சிக்கல். ‘நாளுக்கு உப்பு 1.5 கிராம்’ என்று இருக்கிறது. மூலத்தில் இருப்பது சோடியம் 1.5 கிராம். உப்பில் ஐந்தில் இரண்டு பங்குதான் சோடியம், ஆகவே அது கிட்டத்தட்ட 3.75 கிராம் உப்பு. முக்கால் தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. வீட்டில் கணக்குப் பார்க்க எளிய வழி உண்டு. நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் ஒரு கிலோ உப்பு தீர்ந்தால் ஆளுக்கு நாளைக்கு எட்டு கிராமுக்கு மேல் போகிறது. அப்பளம், ஊறுகாய், கருவாடு, மோர் மிளகாய் இதற்கு வெளியே. ஒருவேளை அறவே இல்லாமல் அடுத்த வேளை கருவாட்டுக் குழம்பு என்று ஆடாமல், நாள் முழுக்கச் சீராகக் குறைவாக வையுங்கள்.

இளங்கோ
உப்பைக் குறைத்தால் சுற்றல் நின்றுவிடும் என்று உறுதியாக எழுதலாமா?

டாக்டர் ரவி
கூடாது. உப்புக் கட்டுப்பாட்டுக்கு வலுவான ஆய்வுச் சான்று இல்லை. செலவும் தீங்கும் குறைவு என்பதால் முதலில் சொல்கிறோம். இந்த நோய்க்குக் கொடுக்கும் பீட்டாஹிஸ்டின் மாத்திரையும் 2016-இல் வந்த ஒரு பெரிய சோதனையில் வெற்று மாத்திரையைவிடச் சுற்றலைக் குறைக்கவில்லை. சுற்றல் தானாகவே விட்டுவிட்டு வருவதால் எது உதவியது என்று பிரிப்பது கடினம். எதற்கும் அடங்காத சிலருக்குச் செவிப்பறை வழியாக ஜென்டாமைசின் ஊசி போடுவோம். சுற்றல் குறையும், ஆனால் இருக்கிற கேள்திறன் போகக்கூடும். பொட்டாசியம் கலந்த மாற்று உப்பைச் சிறுநீரகக் கோளாறுள்ளவர்கள் கேட்காமல் வாங்கக் கூடாது என்றும் சேருங்கள்.

மல்லிகா
சோடியம் வரியைத் திருத்திவிட்டேன். சொல்லுக்கு ‘காது அடைத்த உணர்வு’ என்று போட்டு, கீழே ‘காதில் அழுக்கு இல்லாமலே வரும், எண்ணெய் ஊற்ற வேண்டாம்’ என்று ஒரு வரி சேர்க்கிறேன். பாண்டியம்மாளின் ‘திம்முனு’ மாணவிகள் நோயாளியிடம் கேட்கும் கேள்வியில் இருக்கும். பலரும் சரி என்று தனியாக எழுதியிருக்கிறார்கள்.

சொக்கலிங்கம்
மூன்று சொற்கள் சேர்ந்தால் அது விளக்கம், கலைச்சொல் ஆகாது. அடுத்த பதிப்பில் செவிச்செறிவைப் பரிசீலிக்க வேண்டும் என்ற என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள்.