‘பிரவுன்அவுட்’ என்பதற்குத் தமிழில் என்ன எழுதலாம்? (மின்தடை அறிவிப்பான் கையேடு)

மலர்விழி:
வணக்கம். வீட்டில் கரண்ட் போனதும் டெலிகிராமில் செய்தி அனுப்பும் கருவிக்குத் தமிழில் செய்முறைக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். இஎஸ்பி32 போர்டு, ஒரு 18650 லித்தியம் செல், அதற்கு டிபி4056 சார்ஜர், 5 வோல்ட் அடாப்டர். ரவுட்டருக்குத் தனியாக ஒரு சின்ன யுபிஎஸ். மற்ற சொற்களெல்லாம் அமைந்துவிட்டன, ஒன்றில்தான் நிற்கிறேன். அடாப்டரைப் பிடுங்கியதும் போர்டு வைஃபையில் செய்தி அனுப்பப் போகிறது, உடனே இந்த வரி வந்து ரீசெட் ஆகிறது:

```
Brownout detector was triggered
```

மின்னழுத்தம் போதாமல் இறங்குவதைக் குறிக்கும் இந்தப் ‘பிரவுன்அவுட்’டைத் தமிழில் எப்படிச் சொல்வது? வாசகர் திரையில் இந்த வரியைப் பார்த்தால் கையேட்டில் எந்தப் பக்கத்தைப் புரட்டுவது என்று தெரிய வேண்டும்.

மணிகண்டன்:
‘பழுப்புத்தடை’ வேண்டவே வேண்டாம். பல்பு மங்கிப் பழுப்பாக எரிவதால் ஆங்கிலத்தில் அந்தப் பெயர். நாம் ‘லைட் மங்கலா எரியுது’ என்றுதான் சொல்கிறோம். ஆகவே ‘மின்மங்கல்’.

அந்த ரீசெட்டுக்கு வழி எளிது. நிரலின் தலையில் `#include "soc/soc.h"`, `#include "soc/rtc_cntl_reg.h"` இரண்டையும் தனித்தனி வரியாகச் சேர்த்து, `setup()` தொடக்கத்தில் இதைப் போடுங்கள், அந்த வரியே வராது:

```cpp
WRITE_PERI_REG(RTC_CNTL_BROWN_OUT_REG, 0);
```

கூடவே 3.3 வோல்ட் பின்னில் 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றும் வையுங்கள்.

கஸ்தூரி:
‘மின்மங்கல்’ நன்றாக இருக்கிறது. எங்கள் தெருவில் மாலையில் 160 வோல்ட்தான் வருகிறது, ஃபிரிட்ஜ் முனகுகிறது. இந்தக் கருவி அதைச் சொல்லுமா? கையேட்டில் அதையும் சேருங்கள்.

கதிரேசன்:
கஸ்தூரி அம்மா, சொல்லாது. அடாப்டரின் மேல் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். 160 வந்தாலும் அது 5 வோல்ட்டை ஒழுங்காகத் தந்துகொண்டே இருக்கும், கருவி ‘கரண்ட் இருக்கிறது’ என்றே எண்ணும். உங்கள் தேவைக்கு மின்கம்பியின் அழுத்தத்தையே அளக்கும் இசட்எம்பிடி101பி போன்ற மாட்யூல் வேண்டும். அது வேறு கருவி.

மலர்விழி கேட்பது சிப்புக்கு வரும் அழுத்தம் சட்டென்று இறங்குவது. உங்கள் தெருவில் மணிக்கணக்கில் நிற்பது ஒன்று, சிப்பில் கண்ணிமைக்கும் முன் நடந்து முடிவது இன்னொன்று. ஆங்கிலத்தில் ஒரே சொல் இருப்பதால் நாமும் ஒரே சொல் வைக்க வேண்டும் என்பதில்லை. சிப்பின் உள்ளே மங்குவதற்கு விளக்கும் இல்லை.

மணிகண்டன் தந்த வரி செய்தியைத்தான் நிறுத்தும், அழுத்தத்தை உயர்த்தாது. அழுத்தம் ஏறத்தாழ 2.43 வோல்ட்டுக்குக் கீழே போனால் ரீசெட் செய்வதே அந்தச் சிப்பின் காவல். அதை அணைத்தால் சிப் அதற்குக் கீழேயும் ஓடப் பார்க்கும். ஃபிளாஷ் நினைவகத்துக்குப் பொதுவாக 2.7 வோல்ட்டாவது வேண்டும், இல்லாவிட்டால் தவறாகப் படித்து எங்காவது உறைந்து நிற்கும். ரீசெட் ஆனால் மறுமுயற்சியாவது உண்டு. உறைந்தால் யாரோ போய்ப் பொத்தானை அழுத்த வேண்டும்.

மலர்விழி, செல்லை போர்டின் எந்தப் பின்னில் இணைத்திருக்கிறீர்கள்?

மலர்விழி:
5 வோல்ட் பின்னில், ஐயா.

கதிரேசன்:
அங்கேதான் சிக்கல். பெரும்பாலான போர்டுகளில் அந்தப் பின்னுக்கும் சிப்புக்கும் நடுவே ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் இருக்கிறது. அது தன் பங்காக ஏறத்தாழ 1.1 வோல்ட்டை விழுங்கிவிடும். அடாப்டரின் 5 வோல்ட்டில் இது தெரியவே தெரியாது. கரண்ட் போய் செல் மட்டும் நிற்கும்போது கணக்கைப் பாருங்கள். முழு சார்ஜில் 4.2, சிப்புக்கு 3.1, ஓடிவிடும். செல் 3.6-க்கு இறங்கினால் சிப்புக்கு 2.5. அந்த நேரத்தில் வைஃபை அனுப்பத் தொடங்கி 300, 400 மில்லிஆம்பியர் இழுத்தால் 2.43-ஐத் தாண்டிக் கீழே போகும். கருவி எதற்காக இருக்கிறதோ அந்த நேரத்தில் மட்டும் அது விழுவது இதனால்தான்.

ஆகவே சோதனையை முழு சார்ஜில் செய்யாதீர்கள், தேறிவிட்டதாகத் தோன்றும். செல்லை 3.6-க்கு இறக்கிவிட்டு அடாப்டரைப் பிடுங்கிப் பாருங்கள். மல்டிமீட்டரையும் நம்ப வேண்டாம்; இந்த இறக்கம் மீட்டர் காட்டுவதற்குள் முடிந்துவிடும்.

கெப்பாசிட்டர் நல்ல யோசனைதான், ஆனால் அது மட்டும் போதாது. கூடுதலாக 250 மில்லிஆம்பியரை ஒரு மில்லிவினாடி தாங்கினாலே 470 மைக்ரோஃபாரட் அரை வோல்ட் இறங்கிவிடும். சரியான வழி இரண்டு. ஏபி2112கே போல 600 மில்லிஆம்பியர் தரும், ஏறத்தாழ கால் வோல்ட் மட்டுமே விழுங்கும் ரெகுலேட்டரை வைத்து நேராக 3.3 வோல்ட் பின்னில் கொடுப்பது ஒன்று. எம்டி3608 பூஸ்ட் மாட்யூலால் செல்லை 5 வோல்ட்டாக ஏற்றி 5 வோல்ட் பின்னில் கொடுப்பது மற்றது. இரண்டாவது சாலிடரிங் புதியவர்களுக்கு எளிது. ஆனால் மாட்யூலின் திருகை மீட்டர் வைத்து 5-க்குத் திருப்பிய பிறகே போர்டை இணைக்க வேண்டும். அது 28 வோல்ட் வரை ஏறும், இணைத்துவிட்டுத் திருகினால் போர்டு போய்விடும்.

ரவீந்திரன் (யாழ்ப்பாணம்):
நான் பூஸ்ட் மாட்யூல்தான் போட்டிருக்கிறன். ரீசெட் ஆகேல்ல. ஆனால் மின்வெட்டு வந்தால் செய்தியே வருகுதில்லை, கரண்ட் இருக்கு எண்டே காட்டிக்கொண்டிருக்கு. 5 வோல்ட் பின்னிலிருந்து 10 கிலோஓம், 20 கிலோஓம் போட்டு 3.3 ஆக்கித்தான் பார்க்கிறன். அதிலென்ன பிழை?

கதிரேசன்:
தம்பி, மின்தடை வேளையில் அந்தப் பின்னில் 5 வோல்ட் தருவது உங்கள் பூஸ்ட் மாட்யூல். கருவி தன் செல்லையே பார்த்துக் ‘கரண்ட் இருக்கிறது’ என்கிறது. அடாப்டர் வழியில் ஒரு 1என்5819 டயோடு, பூஸ்ட் வழியில் இன்னொன்று, இரண்டும் 5 வோல்ட் பின்னில் சேரட்டும். பார்க்கும் கம்பியை அடாப்டருக்கும் அதன் டயோடுக்கும் நடுவில் எடுங்கள்.

சொல்லுக்கு வருகிறேன். ‘அழுத்தத் தொய்வு’ என்று முன்வைக்கிறேன். கண்காணிக்கும் பகுதி ‘தொய்வுணரி’.

மணிகண்டன்:
ரெகுலேட்டர் விழுங்குவதை நான் கணக்கில் எடுக்கவில்லை, சரிதான். ஆனால் ‘தொய்வு’ ஏற்கெனவே கம்பங்களுக்கு இடையே கம்பி தொங்குவதற்கு ஆகிவிட்டது. லைன்மேன் படித்தால் அதைத்தான் நினைப்பார். ‘அழுத்தச் சரிவு’ எப்படி? சட்டென்று விழுவது அதில் இருக்கிறது.

கஸ்தூரி:
‘சரிவுணரி’ என்றால் நிலச்சரிவைக் கண்டுபிடிக்கும் கருவி மாதிரி இருக்கிறதே. எங்கள் தெரு விஷயத்துக்குத் ‘தாழ்வழுத்தம்’ என்றே வைத்துக்கொள்ளலாமா?

கதிரேசன்:
அதுவும் கூடாது. மின்வாரிய ஆவணங்களில் வீட்டு இணைப்பே தாழ்வழுத்த இணைப்புதான். சரியான 230 வோல்ட்டும் தாழ்வழுத்தம் ஆகிவிடும். தெருவுக்குக் ‘குறைமின்னழுத்தம்’ வைக்கலாம்.

மலர்விழி:
தெருவுக்குக் ‘குறைமின்னழுத்தம்’, சிப்புக்கு இப்போதைக்கு ‘அழுத்தச் சரிவு’ என்று எழுதுகிறேன். உணரிக்கு மட்டும் ‘அழுத்தச் சரிவு உணரி’ என்று முழுதாக எழுதினால் நிலச்சரிவு ஐயம் வராது. திரையில் வரும் ஆங்கில வரியும் அதே தலைப்பின்கீழ் இருக்கும். இன்று ஏபி2112கே வைத்து, செல் 3.6-இல் சோதித்தேன், செய்தி வந்தது. செய்தியின் வாசகத்தில் ‘மின்வெட்டு’ போடுவதா, ‘மின்தடை’ போடுவதா?

ரவீந்திரன்:
எங்கட பக்கம் ‘மின்வெட்டு’ எண்டால்தான் எல்லாருக்கும் விளங்கும்.

கதிரேசன்:
அறிவித்து நிறுத்தினார்களா, தானாகப் போயிற்றா என்று கருவிக்குத் தெரியாது. நான் ‘மின்தடை’ என்பேன். ‘தொய்வு’ பற்றி மற்றவர்களும் சொல்லட்டும், நான் இன்னும் அதை விடவில்லை.